ஆவன செய்யுமாறு

“மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊர்ச் சாலை பழுதடைந்து குண்டும் குழியுமாகக் காணப்படுகிறது. தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.” அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள். ஊர்ப்பேர் தவிர மற்றதெல்லாம் எல்லா மனுவிலும் இதேதான்.

இந்த மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட 2.4 கிலோமீட்டர் சாலை அது. அந்தத் திட்டத்துச் சாலைகளைப் பார்வையிட தேசியத் தரக் கண்காணிப்பாளர்கள் வருவார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்கள், பெரும்பாலும் வெளிமாநிலத்தவர். வரப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் ஆங்கிலம்.

முதல் சிக்கல் மரியாதையில் வந்தது. தமிழில் மரியாதை இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘தாங்கள்’ என்றாலே போதும், முதுகு வளைய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. அந்த மரியாதையைக் கொண்டுபோக வேண்டுமானால் ‘மோஸ்ட் ஹம்ப்ளி’, ‘யுவர் குட்செல்ஃப்’ என்று தனிச் சொற்களை ஒட்டவேண்டும். தமிழில் நிமிர்ந்து நின்று பேசியவர், சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பில் காலில் விழுந்துகிடப்பார். நேர்மையாக மொழிபெயர்ப்பது என்றால் எதற்கு நேர்மை, சொல்லுக்கா, சொன்னவரின் நிலைக்கா?

கருணைக்கு இங்கே வேலையும் இல்லை. இந்தத் திட்டத்தில் சாலை போடும் ஒப்பந்தக்காரரே முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் பெயர்ப்பலகையில் அவர் பெயரும் தேதிகளும் உண்டு. அந்தச் சாலைக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. உரிமையாக வரவேண்டிய ஒன்றைக் கருணையாகக் கேட்கிறது மனு. அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மனு எழுதிய பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“அதை எடுத்தா திமிரா எழுதுன மாதிரி ஆயிடும் தம்பி. கேக்குறதுக்கு ஒரு முறை இருக்குல்ல?”

அவர் சொன்னதில் பயம் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசும் பழக்கம் மாதிரி அது ஒரு முறைமை. அதனால் ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘கைண்ட்லி’யை வைத்தேன். அடுத்த வரியில் பராமரிப்புக் காலம் முடியும் தேதியைப் போட்டோம். பெரியவருக்கும் அது சம்மதம்.

பெரிய சிக்கல் ‘குண்டும் குழியுமாக’ என்பதில்தான் இருந்தது. அது எழுத்துத் தமிழுக்குப் பழகிப்போன சொல், யாரும் யோசிக்காமல் எழுதுவது. கூட வந்த பால்காரர் பேச்சில் சொன்னது வேறு: “குழி கம்மிதான் சார். ரெண்டு பக்கமும் டயர் போற தடம் அப்படியே அமுங்கிப் போச்சு. நடு மேடா நிக்குது.”

பொறியாளருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. மேலே உள்ள தார் விரிப்பு மெல்லியது, இப்படிப்பட்ட சாலைகளில் வழக்கமாக 20 மில்லிமீட்டர்தான். ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் அது பெயர்ந்து குழி விழும், ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். சக்கரத் தடமே நெடுக அமுங்கினால் அடியிலுள்ள ஜல்லியோ மண்ணோ பாரம் தாங்கவில்லை என்று பொருள். ஒன்று அடித்தளத்தைச் சரியாக இறுக்கவில்லை, இல்லையென்றால் சாலைக்கு மீறிய எடை போகிறது. ‘பாட்ஹோல்ஸ்’ என்று நான் எழுதியிருந்தால் நாலு கூடை தார் ஜல்லி வந்திருக்கும். ‘ரட்டிங்’ என்று எழுதினால் அவர் தோண்டிப் பார்ப்பார். மரியாதையான மனு மறைத்துவிட்ட சாட்சியம் பால்காரரின் பேச்சில் இருந்தது.

அதை எழுதுவது என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்: எடை யாருடையது? ராத்திரியில் கல்குவாரி டிப்பர்கள் போவது ஊருக்கே தெரியும். மனுவிலோ சாலை தானாகவே ‘பழுதடைந்து’ விடுகிறது, எழுவாய்க்கு ஆளே இல்லை. ஆங்கிலத்தில் நான் ஒரு ஆளை உட்கார வைத்துவிடலாம், வாக்கியமும் நன்றாக இருக்கும். ஆனால் கையெழுத்துப் போட்ட நாற்பத்திரண்டு பேரில் குவாரிக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. வாக்கியம் என்னுடையது, விளைவு அவர்களுடையது. தெரிந்த உண்மையாகவே இருந்தாலும், கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாமல் அதைச் சேர்ப்பது அவர் பேரில் நான் பேசுவதாகும். பேசாமல் விட்டாலோ, தோண்டிப் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரர் தலையில் மட்டும் பழி விழலாம். அதுவும் நியாயமில்லை.

ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் திரும்பத் தமிழில், பேச்சுத் தமிழிலேயே, படித்துக் காட்டினேன். டிப்பர் விஷயத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர்களே முடிவு செய்தார்கள். குவாரி பேர் வேண்டாம், ‘இரவு பத்து மணிக்கு மேல் பாரம் ஏற்றிய டிப்பர்கள் செல்கின்றன’ என்று மட்டும் இருக்கட்டும். ஒப்பந்தக்காரர் பேரும் வேண்டாம்.

“போர்டுலதான் போட்டிருக்கே,” என்றார் பால்காரர். “வர்றவரு படிச்சுக்கட்டும்.”

‘ஆவன’ என்ற சொல்லுக்கு மட்டும் ஆங்கிலத்தில் நான் எதுவும் எழுதவில்லை. அந்த இடத்தில் மூன்று வேலைகளை எழுதினோம்: தடம் அமுங்கிய இரண்டு இடங்களில் தோண்டிப் பார்ப்பது, அடைபட்ட ஓரக் கால்வாயைத் திறப்பது, எடை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதுவது. பெரியவர் தமிழ் மனுவிலும் அதைச் சேர்க்கச் சொன்னார். ‘ஆவன செய்யுமாறு’ என்பதை அடிக்காமல், அதற்குக் கீழே.