கருவில் பரிசோதனை: சந்தேகமும் உறுதியும்

 

கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் குறை உண்டா என்று அறிய இன்று மூன்று பரிசோதனைகள் உள்ளன. இவற்றின் வேறுபாடு தெரியாமல் எடுக்கும் முடிவு ஓர் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது என்.ஐ.பி.டி. பத்தாவது வாரத்திலிருந்து தாயின் கையில் ரத்தம் எடுத்தால் போதும். குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் அந்த ரத்தத்தில் பார்க்கப்படுவது நஞ்சுக்கொடியிலிருந்து வந்த மரபணுத் துணுக்குகள். ஆகவே அது சந்தேகத்தைத்தான் சொல்லும், தீர்ப்பைச் சொல்லாது.

அறந்தாங்கியில் 25 வயதுடைய 1000 கர்ப்பிணிகள் இந்தச் சோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். சோதனை அதைக் கண்டுபிடிக்கும். அதே சோதனை நலமான ஒரு குழந்தைக்கும் தவறாக 'பாசிட்டிவ்' சொல்லும். அதாவது அந்த வயதில் பாசிட்டிவ் வந்த இருவரில் ஒருவரின் குழந்தை நலமானது! வயது கூடினால் பாசிட்டிவ் உண்மையாக இருக்கும் வாய்ப்பும் கூடும். ஆனாலும் அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக் கருவைக் கலைப்பது பெரும் அநியாயம்.

உறுதி செய்ய இரண்டு வழிகள் உண்டு. சி.வி.எஸ். என்பது 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கை எடுப்பது. ஆம்னியோசென்டெசிஸ் என்பது 15 வாரம் முடிந்த பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுப்பது. அதில் குழந்தையின் செல்களே இருப்பதால் தெளிவு அதிகம். அனுபவமுள்ள மருத்துவர் செய்தால், இரண்டிலும் இதனால் கூடுதலாகக் கரு கலையும் வாய்ப்பு 200-ல் ஒன்றுக்கும் குறைவு.

இனி நாட்கணக்கு. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் அடிப்படையில் 120 நாட்களில் ரூஹ் ஊதப்படுகிறது என்பது உலமாக்களின் விளக்கம். மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார். கரு தரிப்பது அதற்கு இரண்டு வாரம் கழித்து. ஆகவே 120 நாள் என்பது மருத்துவக் கணக்கில் சுமார் 19 வாரம். 16-வது வாரத்தில் ஆம்னியோ செய்து, முழு முடிவு வர இரண்டு மூன்று வாரமானால் அந்த எல்லை வந்துவிடும். எனவே சோதனை செய்வதென்றால் தாமதிக்காதீர்கள்.

1990-ல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் கவுன்சில், குணப்படுத்த முடியாத கடுமையான குறை என்று நம்பகமான மருத்துவர்கள் குழு உறுதி செய்தால், 120 நாட்களுக்குள் மட்டும் அனுமதி அளித்தது. மாலிக்கி மத்ஹபில் இதைவிடக் கடுமை உண்டு. நாட்டின் சட்டம் சில நிலைகளில் 24 வாரம் வரை இடம் தருகிறது. சட்டம் அனுமதித்ததெல்லாம் ஹலால் ஆகிவிடாது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், ஸலாம் சொல்கிறார்கள். அவர்களின் இதயக் குறை பலவற்றுக்கு அறுவை சிகிச்சை உண்டு. இது 'கடுமையான குறை'யா என்று மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேளுங்கள். பெற்றெடுக்கவே உறுதி கொண்டவர்களுக்கு ஊசிச் சோதனை கட்டாயமில்லை. ஸ்கேனும், பிரசவத்துக்கு நல்ல மருத்துவமனையும் போதும்.


வல்ல ரஹ்மான் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.