பாடையும் துப்பறியும் கதையும்

வலங்கைமான் மாரியம்மன் கோவிலில் பங்குனி மாதம் நடக்கும் பாடைக்காவடியைப் பார்த்திருக்கிறீர்களா? கடும் நோயில் விழுந்து பிழைத்தவர், நேர்ந்துகொண்டபடி பிணத்தைப் போலப் பாடையில் படுத்துக்கொள்வார். நாலு பேர் தோள் கொடுப்பார்கள், முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்திப் போவார், பறை முழங்கும். கோவிலை அடைந்து விபூதி இட்டதும் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பாடை தூக்குகிறவனுக்கும் வேடிக்கை பார்க்கிறவனுக்கும், இந்தப் பிணம் எழுந்திருக்கும் என்பது முன்பே தெரியும். தெரிந்தும் அந்தக் கணத்தில் மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது.

துப்பறியும் கதையும் ஒரு பிணத்தோடுதான் ஆரம்பமாகிறது. முடிவில் எல்லாம் சரியாகிவிடும் என்பது அதைப் படிக்கிறவனுக்கும் தெரியும். ஆனால் அங்கே பிணம் எழுந்திருப்பதில்லை. எழுந்திருப்பது வேறு ஏதோ ஒன்று. அதை நாம் ‘ஒழுங்கு’ என்று சொல்லி நிம்மதியடைகிறோம். அது யாருடைய ஒழுங்கு என்ற கேள்வி சிறுவயதிலிருந்தே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு சினிமா. 1954-ல் வெளிவந்த ‘அந்த நாள்’.

எஸ். பாலசந்தர் இயக்கிய படம், ஏ.வி.எம். தயாரிப்பு. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. எங்கள் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையில் பாட்டுக்காகக் காத்திருந்து ஏமாந்து, பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. சிவாஜி கணேசன் படம் என்று வந்தவர்களுக்கு, ஆரம்பத்திலேயே அவர் சுடப்பட்டுச் செத்துப்போவது இன்னொரு ஏமாற்றம். சுடப்பட்டவனைக் காண்கிறோம், சுட்டவரைக் காணோம். ரேடியோ இன்ஜினியர் ராஜன் செத்துக் கிடக்கிறான். பக்கத்து வீட்டுச் சின்னையாபிள்ளை போலீசுக்குத் தகவல் சொல்கிறார். துப்பறிய வருகிறார் சிவானந்தம். ஜாவர் சீதாராமன் அந்த வேஷம்.

முடிவைச் சொல்லப் போகிறேன். எழுபது வருஷம் தாண்டிய குற்றம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

சிவானந்தம் ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்ல, அது ஒரு முன்கதையாகத் திரையில் ஓடுகிறது. சின்னையாபிள்ளை ராஜனின் தம்பி பட்டாபியைச் சந்தேகிக்கிறார். சொத்தில் பங்கு கேட்டுத் தகராறு. பட்டாபி தன் மனைவி ஹேமாவையே சந்தேகிக்கிறான். ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் சின்னையாபிள்ளையைக் காட்டுகிறாள். கவனித்தீர்களா? நாலு விரல்கள் ஒரு வட்டமாகச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கின்றன. வட்டத்துக்கு நடுவே ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். ராஜனின் மனைவி உஷா. அவள் பக்கம் யாருடைய விரலும் நீளவில்லை.

ஆசிரியர் எதையும் ஒளித்துவைக்கவில்லை. அவள் கண்ணெதிரேயே இருக்கிறாள். ஒளித்துவைத்தது நம்முடைய மரியாதை. துக்க வீட்டுக்குப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் நம் வழக்கம். தாலி இழந்தவளிடம், “நேற்று அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்?” என்று கேட்கிறவன் மனுஷனா? கேட்காமல் இருப்பது பண்பு. அந்தப் பண்பின் நிழலில்தான் கொலையின் உண்மை பதுங்கிக்கொள்கிறது. துப்பறிகிறவன் தொழில், அந்த அநாகரிகமான கேள்வியைக் கேட்பது.

இந்த வித்தையின் சூட்சுமத்தைக் கானன் டாயில் 1892-ல் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’ என்ற கதையில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பந்தயக் குதிரை ஒன்று ராத்திரியில் காணாமற்போகிறது. அதைப் பழக்குகிறவன் மண்டை உடைந்து கிடக்கிறான். லாயத்தில் காவல் இருந்த பையன் அபின் கலந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு மயங்கிவிட்டான். அன்று அவனுக்குப் போனது ஆட்டுக்கறி, மசாலாக் குழம்பு. நாம் படித்துக்கொண்டே போகிறோம். குழம்பில் என்ன இருக்கிறது? அபின் பொடிக்கு ஒரு ருசி உண்டு. சாதாரணச் சாப்பாட்டில் கலந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். மசாலா அதை மறைக்கும். அன்று மாலை அங்கே வந்து சுற்றிய வெளியாள், அந்த வீட்டில் அன்றைக்கு மசாலாக் குழம்பு வைக்கும்படி எப்படிச் செய்திருக்க முடியும்? ஆகவே அபினைக் கலந்தவன், சமையலைத் தீர்மானிக்கக்கூடிய வீட்டுக்காரன். லாயத்து நாய் குரைக்காததும் அதையேதான் சொல்கிறது: வந்தவன் அதற்குத் தெரிந்தவன். குதிரையின் காலை ரகசியமாக ஊனப்படுத்தப் போன பழக்குநன், அதே குதிரையிடம் உதைபட்டுச் செத்திருக்கிறான்.

நல்ல தடயம் மறைத்துவைக்கப்படுவதில்லை. வேறு தலைப்பின் கீழ் எழுதப்படுகிறது. குழம்பைச் ‘சமையல்’ என்ற பக்கத்தில் எழுதிவிட்டால் ‘சாட்சியம்’ என்ற பக்கத்தில் அதை நாம் தேடமாட்டோம். சாட்சியத்தையே தராமல் வைத்துக்கொண்டு, கடைசியில் பையிலிருந்து எடுத்துக் காட்டும் எழுத்தாளனை நான் மோசக்காரன் என்பேன். அதிலிருந்து வரும் முடிவை மட்டும் சொல்லாமல் வைத்திருப்பவன் யோக்கியன்.

‘அந்த நாள்’ இந்தக் கணக்கில் தேறுகிறதா? முக்கால் பங்கு தேறுகிறது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டதல்லவா, அதற்கு மறுநாள்தான் ராஜன் சாகிறான். படம் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. நாம் அதைக் ‘காலம்’ என்ற பக்கத்தில் எழுதிக்கொண்டு, சொத்தையும் பெண்ணையும் பற்றி யோசிக்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் குண்டுதான் கொலையின் காரணம். தலைப்பே அதைத்தான் சொல்கிறது. தன் ஆராய்ச்சியைச் சர்க்கார் மதிக்கவில்லை என்று கசந்துபோன ராஜன், நாட்டின் ரகசியங்களை ஜப்பானுக்கு விற்றவன். தேசபக்தையான உஷா அதைக் கண்டுபிடித்துத் தடுக்கப் பார்க்கிறாள். துப்பாக்கி அவள் கையில் வெடிக்கிறது. குறை என்னவென்றால், ராஜனின் இந்த இன்னொரு வாழ்க்கை உஷாவின் முன்கதையில்தான் நமக்கு முழுதாகத் தெரிகிறது. அந்தக் கால் பங்கு நமக்குத் தராமல் வைத்துக்கொண்டது.

கதையின் யந்திரம் இத்தோடு முடிந்தது. எனக்கு உறுத்தல் இங்கேதான் ஆரம்பம். டாயிலின் கதையில் குதிரை திரும்பக் கிடைக்கிறது, பந்தயத்தில் ஜெயிக்கிறது. கொன்றது குதிரை; அதுவும் தற்காப்புக்காக. தூக்கில் போட ஆள் இல்லை. காணாமற்போன குதிரையை ஒளித்துவைத்த பக்கத்து லாயத்துக்காரனைக்கூட ஹோம்ஸ் காட்டிக்கொடுக்கவில்லை. யாருக்கும் வலிக்காத ஒழுங்கு அது. ‘அந்த நாளி’ல் அப்படி இல்லை. கெட்டவன் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான். கதை முழுவதும் நாம் தேடிக்கொண்டிருந்தது, அந்தக் கெடுதலை நிறுத்தியவளை. அவளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சிவானந்தத்தைவிட அவசரப்பட்டது நான்தான். பட்டாபியாக இருக்கும், இல்லை ஹேமா என்று பக்கத்திலிருந்தவனிடம் பந்தயம்கூடக் கட்டினேன். கண்டுபிடித்தபோது, ஏன் கண்டுபிடித்தோம் என்றாகிவிட்டது. ஒரு ரகசியம் அறியத்தக்கதா என்று அதை அறியுமுன் யாரால் சொல்ல முடியும்?

படம் விட்டு வயல் வரப்பில் வரிசையாக வந்துகொண்டிருந்தோம். சித்தப்பா லாந்தரோடு முன்னால் போனார். “அந்தப் பொண்ணைப் பேசாம விட்டுட்டுப் போயிருக்கலாமே, சித்தப்பா?” என்றேன்.

“விட்டுட்டு?”

“யாருக்கும் தெரியாதே.”

சித்தப்பா கொஞ்ச தூரம் பேசவில்லை. வாய்க்கால் பாலத்தில் லாந்தரைத் தூக்கிப் பிடித்து, என்னைத் தாண்டவிட்டார்.

“அவளுக்குத் தெரியுமேடா” என்றார்.