அரக்குப் பட்டின் மடிப்புகள்

அத்தைக்கு எண்பது நிறைந்த அன்று எடுத்த படம். ரீடச்சிங் நேற்றோடு முடிந்தது. மூக்கில் கண்ணாடி அழுத்திய தடத்தையும் மோவாயில் இருந்த சிறு கொப்புளத்தையும் எடுத்தேன். சுருக்கங்களில் கை வைக்கவில்லை. இனி அது 12க்கு 18 அங்குல மேட் தாளில் அச்சாகி, அத்தை வீட்டுக் கூடத்தில் தொங்க வேண்டும்.

*

திரை தன் வெளிச்சத்தைத் தானே தருகிறது. தாள் கூடத்து வெளிச்சத்தை வாங்கித்தான் காட்டும். போன முறை ஒரு படம் கறுத்து வந்தபோது லேப்பைக் குறை சொன்னேன். குறை என் திரையில் இருந்தது. வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்திருந்தேன். இப்போது திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒன்றுபோல் தெரியும்வரை குறைக்கிறேன். அளவி வைத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவை ஒட்டி வருகிறது.

*

ஒழுங்கு செய்த கோப்பைத் தொடுவதில்லை. அதன் நகலில்தான் இனி வேலை. வெட்டியபின் 3200க்கு 4800 பிக்சல். 4800ஐ 18ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 267 வருகிறது. சுவரில் தொங்கும் படத்துக்கு அது தாராளம். லேப் 300 கேட்பதால் 3600க்கு 5400 ஆக நானே பெரிதாக்குகிறேன். அப்போதுதான் அச்சாகப்போகும் அளவிலேயே முகத்தைப் பார்க்க முடியும். கோப்பில் 72 என்று எழுதியிருப்பதைக் கண்டு கலங்குகிறவர்கள் உண்டு. Resample குறியை எடுத்துவிட்டு அந்த எண்ணை மாற்றினால், ஒரு பிக்சல்கூடக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

*

அதிக நேரம் இருந்தது சாஃப்ட் ப்ரூஃபில்தான்.

லேப் கொடுத்த மேட் தாளின் ப்ரொஃபைலை Proof Setup-இல் வைத்தேன். Simulate Paper Color-ஐ அழுத்தும் முன் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்த கண்ணோடு பார்த்தால் படம் செத்துப்போவதுபோல் ஒரு திடுக்கிடல் வரும். அதைக் கண்டு கை தானாகக் காண்ட்ராஸ்ட்டை ஏற்றிவிடும். படத்தைத் திரை நிறையக் காட்டி, சுற்றிலும் வேறு வெள்ளை இல்லாமல் செய்து, மெல்லக் கண் திறந்தால், சற்று நேரத்தில் தாளின் வெள்ளையையே கண் வெள்ளையாக ஏற்றுக்கொள்கிறது.

தோல் நிறம் கெடவில்லை. கூந்தலின் கறுப்பு கொஞ்சம் வெளுத்தது; மேட் தாளின் கறுப்பு அவ்வளவுதான். இழந்தது அத்தையின் அரக்குப் பட்டுப் புடவை. முழங்கைக்குக் கீழே மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிட்டன. Gamut Warning போட்டதும் அந்த இடம் முழுக்கச் சாம்பல் பூத்தது. இந்தத் தாளும் மையும் எட்ட முடியாத சிவப்புகள் அவை. எட்டாதவை எல்லாம் விளிம்பில் வந்து ஒரே சிவப்பாக நிற்கும்போது, மடிப்பைக் காட்டிய சிறு வேறுபாடு அழிந்துபோகிறது.

சாம்பல் முழுதும் மறையும்வரை குறைத்திருந்தால் புடவை காவியாகியிருக்கும். புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, சிவப்பின் செறிவை 12 அளவு இறக்கினேன். சாம்பல் அங்கங்கே மிச்சம் இருக்கிறது. மடிப்பு திரும்பிவிட்டது. குங்குமத்தில் சாம்பல் தெரிந்தும் அதைத் தொடவில்லை. அதில் மடிப்பு இல்லையே.

*

கூர்மை கடைசி வேலை. தனி லேயரில் Unsharp Mask: 120, ஆரம் 1, வரம்பு 3. லேயரை Luminosity-இல் வைத்தால் ஓரங்களில் நிறம் பிசிறாது. தோலை மாஸ்க்கால் மூடிவிட்டேன். இல்லையென்றால் கொப்புளம் எடுத்த இடத்தின் ஓரம் மெல்லிய வளையமாகத் திரும்ப எழும். இமை மயிர், நரை, சரிகை மட்டும் திறந்திருக்கின்றன. மேட் தாளில் மை ஊறுவதால், பாதி அளவில் பார்க்கையில் கொஞ்சம் கூடுதல் என்று தோன்றுவதே சரி. தாடையோரம் வெள்ளைக் கோடு விழுந்தால் அது மீறியது.

*

லேப் கேட்பது sRGB. என் கோப்பு Adobe RGB. Convert to Profile எண்களை மாற்றித் தோற்றத்தைக் காக்கும். Assign Profile எண்களை அப்படியே விட்டு அவற்றின் பொருளை மாற்றிவிடும். அத்தையின் முகம் சோகை பிடித்ததுபோல் வெளுத்துவிடும். அதனால் Convert செய்தேன். சேமிக்கும்போது ICC Profile குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தாளின் ப்ரொஃபைல் பார்ப்பதற்கு மட்டும். அதற்கு மாற்றி அனுப்பக் கூடாது, லேப்பே கேட்டாலொழிய.

*

திரை சொல்வது பாதிதான். முகத்தின் ஓரமும் முழங்கை மடிப்பும் வரும்படி 4க்கு 6 துண்டு ஒன்றை வெட்டி, சுருக்காமல் அதே அளவில் அச்சிட்டு வாங்கினேன். அத்தை வீட்டுக்கே எடுத்துப்போய், படம் தொங்கப்போகும் ஆணிக்குக் கீழே, ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மடிப்பு தெரிகிறது. முழுப் படத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.