வெளியே போகாத கேள்விகள்

வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மொழி மாடலை இறக்கி ஓட்டுகிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நாம கேக்கிறது வெளியே போகாது." கண்டியில் அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு. 2018 மார்ச்சில் திகனைக் கலவரத்தின்போது அவசரகால நிலை வந்தது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. போனில் என்ன எழுதியிருக்கிறோம், அதை யார் பார்ப்பார்கள் என்று அந்த வாரம் இங்கே பல வீடுகளில் யோசித்தார்கள். ஆகவே இணைய வயரைக் கழற்றிய பிறகும் பதில் சொல்லும் ஒன்று வீட்டுக்குள் இருப்பது, எங்களுக்கு வெறும் தொழில்நுட்ப வேடிக்கை அல்ல.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு ஹோலில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில், தங்கச்சி மகன்தான் ஒலாமாவை நிறுவித் தந்தான். கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஜெம்மா 3 மாடலில் 400 கோடி அளபுருக்கள் கொண்ட வகையை இறக்கினான். கோப்பின் அளவு 3 ஜிபிக்குச் சற்று அதிகம். 8 ஜிபி ராம் உள்ள, தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத பெட்டியிலும் மெதுவாக ஓடும். "வயரைக் கழட்டிட்டுக் கேளுங்க மாமா" என்றான். கழற்றினேன், பதில் வந்தது. வீட்டில் எல்லோரும் அதைப் பாவிக்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு.

ஒரு நாள் கறுப்புத் திரையில் `ollama run gemma3` என்று தட்டி, பழக்கதோஷத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினேன். நான் கேட்காத ஒரு கேள்வி வந்து நின்றது. அது வீட்டில் இன்னொருவருடைய கேள்வி. என்ன கேள்வி என்பதை எழுதப்போவதில்லை. அது இங்கே தேவையும் இல்லை.

அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது கஷ்டமில்லை. எந்தச் செயலியானாலும் இதற்கு ஒரு பொதுவான வழி உண்டு. மாடலிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டு, கடைசி ஐந்து நிமிடங்களில் எழுதப்பட்ட கோப்புகள் எவை என்று பவர்ஷெல்லில் பார்க்க வேண்டும்.

```
Get-ChildItem $HOME -Recurse -Force -File -ErrorAction SilentlyContinue |
  Where-Object LastWriteTime -gt (Get-Date).AddMinutes(-5)
```

`-Force` இல்லாவிட்டால் `AppData` போன்ற மறைத்து வைக்கப்பட்ட கோப்புறைகள் தப்பிவிடும். பிரவுசரின் குப்பைகளும் பட்டியலில் வரும், அவற்றை ஒதுக்கிவிடலாம். எனக்கு அகப்பட்டது பயனர் கோப்புறைக்குள் `.ollama` என்ற இடத்தில் இருந்த `history` என்ற கோப்பு. பின்னொட்டு எதுவும் கிடையாது, நோட்பேடில் திறக்கும். பழைய பவர்ஷெல்லில் அப்படியே வாசித்தால் தமிழெல்லாம் `à®` என்று சிதறித் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும்:

```
Get-Content $HOME\.ollama\history -Encoding UTF8
```

இந்தக் கோப்பில் இருப்பவை கேள்விகள் மட்டும்தான். பதில்களும் இல்லை, தேதியும் இல்லை, கேட்டவர் பெயரும் இல்லை. அடுத்த அறையில் யாரோ போனில் பேசுவதைக் கேட்பதுபோல ஒரு பக்கம் மட்டும் காதில் விழுகிறது. மறுபக்கத்தை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம், அதுவும் பெரும்பாலும் மோசமானதாகவே. முழுப் பேச்சும் தெரிவதைவிட இது ஆபத்தானது என்பது என் எண்ணம். கேள்வியை மட்டும் கண்ட அந்தச் சில நிமிடங்களில் நான் ஒரு முழுக் கதையே கட்டிவிட்டேன்.

கறுப்புத் திரையை விட்டு வேறு வாசலால் நுழைந்தால் நிலைமை மாறும். ஒலாமாவின் புதிய ஜன்னல் செயலி, உரையாடலை `%LOCALAPPDATA%\Ollama` கோப்புறையில் `db.sqlite` என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. எல்எம் ஸ்டூடியோ இன்னும் தாராளம். `.lmstudio\conversations` கோப்புறையில் ஒவ்வோர் உரையாடலுக்கும் ஒரு ஜேசன் கோப்பு, கேள்வியும் பதிலும் சேர்ந்தே இருக்கும். பதில் பிடிக்காமல் மறுபடி எழுதச் சொன்னால், பிடிக்காத பதிலும் அங்கே கிடக்கும். கோப்பின் பெயரே 13 இலக்க எண், 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய மில்லி விநாடிகள். உதாரணத்துக்கு `1741975200000.conversation.json` என்று இருந்தால், அந்தப் பேச்சு 2025 மார்ச் 14ஆம் தேதி இலங்கை நேரப்படி இரவு 11.30க்குத் தொடங்கியது. உள்ளே எதையும் திறக்காமலே, வீட்டில் எந்தெந்த நேரத்தில் ஒருவர் தூங்காமல் இருந்தார் என்று கோப்புப் பெயர்களின் பட்டியல் சொல்லிவிடும்.

"வெளியே போகாது" என்பது பொய்யல்ல. ஆனால் நம் வீடுகளில் ஒருவர் எதையாவது மறைக்க நினைத்தால், அது எங்கோ கலிபோர்னியாவில் இருக்கும் கம்பெனிக்காக இருப்பது அபூர்வம். அப்பாவுக்குத் தெரியக்கூடாது, மாமியாருக்குத் தெரியக்கூடாது, மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தூரத்து அந்நியனுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயங்கள்தான் இவற்றில் பாதி. அந்தக் கணக்கில் பார்த்தால், உள்ளூரில் ஓடும் மாடல் ரகசியத்தைத் தொலைவிலிருந்து எடுத்து, அதை அறியக்கூடாதவரின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுகிறது.

சட்டம் இங்கே துணைக்கு வராது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. நியாயம்தான், ஹோலில் இருக்கும் பெட்டிக்குப் பொலிஸ் எதற்கு? வழக்கமும் துணை இல்லை. பிள்ளைக்கு வந்த கடிதத்தைப் பெற்றவர் பிரிப்பது இங்கே பல வீடுகளில் இன்னும் குற்றமாகவே எண்ணப்படுவதில்லை, அக்கறையாகக்கூட எண்ணப்படும். கோப்பு இருக்கும் இடம் தெரியாதவரை நான் திறக்காமல் இருந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இடம் தெரிந்த பிறகு, திறக்காமல் இருப்பது ஒவ்வொரு நாளும் நானாகச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது. அது எதிர்பார்த்ததைவிடக் கடினம்.

அழித்துவிட்டால் என்ன? `history` கோப்பை அழிக்கலாம். பேச்சுக்கு நடுவே `/set nohistory` என்று தட்டினால் அது எழுதுவதை நிறுத்தும். `OLLAMA_NOHISTORY` என்ற சூழல் மாறியை 1 என வைத்தால் எப்போதும் எழுதாது. தரவுத்தளக் கோப்பு அவ்வளவு எளிதல்ல. செயலியில் உரையாடலை நீக்கினாலும், அந்த எழுத்துகள் இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை அவை உள்ளே கிடக்கக்கூடும். ஆனால் என் தயக்கம் வேறு. அந்தக் கேள்விகள் என்னுடையவை அல்லவே. மற்றவருடையதை வாசிப்பது அத்துமீறல் என்றால், சொல்லாமல் அழிப்பதும் அத்துமீறல்தான்.

ஆகவே இரவுச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் பொதுவாகவே சொன்னேன், கோப்பு இருக்கும் இடத்தையும் அதைத் திறக்கும் விதத்தையும். யாரையும் பார்க்காமல் சொல்ல முயன்றேன். உயர்தரம் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலை எடுக்காமல், "அப்ப நீங்க வாசிச்சீங்களாப்பா?" என்றாள். "ஒரு வரி" என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் கணக்கு. `.ollama` கோப்புறை அவரவர் கணக்குக்குள் தனியாக உருவாகும், சாதாரணக் கணக்கில் இருப்பவர் இன்னொருவருடையதைத் திறக்க முடியாது. நிர்வாகிக் கணக்கு உள்ளவரால் முடியும். அதன் கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது என்பதில்தான் இழுபறி. தங்கச்சி மகன் தானே வைத்திருக்கிறேன் என்றான், மகள் வேண்டாம் என்றாள். என்னிடம் இருப்பதை மனைவி விரும்பவில்லை, அதற்குக் காரணமும் சொல்லவில்லை. கடைசியில் அவள்தான் அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.