மறுமொழியின் தொனி

ஒருவரைக் கண்டு வணக்கம் கூறுகிறோம். அவரும் வணக்கம் என்கிறார். இவ்விரு சொற்களிலும் புதிய செய்தி யாதொன்றும் இல்லை. ஆயினும் அவருடைய உள்ளம் அன்று எந்நிலையில் இருக்கிறது என்பதை முதன்முதல் அறிவிப்பது அந்த மறுமொழியே ஆகும். அதனை அறிந்து நமது பேச்சின் தொனியை மாற்றிக்கொள்வது அறமா, அன்றி நடிப்பா? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலில், அறிவது எங்ஙனம் என்று பார்ப்போம். உரத்த குரல் சினத்தைக் காட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். நெசவுச் சாலையில் பல ஆண்டுகள் தறிகளின் பேரிரைச்சலில் உழைத்தவர், காது மந்தமாகி, வீட்டிலும் உரக்கவே பேசுவார். அது சினமன்று. இயல்பாகவே சொற்சுருக்கம் உடையவர் "உம்" என்றால் அது வெறுப்புமன்று. ஆகையால் ஒருவருடைய மறுமொழியைப் பிறருடைய மறுமொழியோடு ஒப்பிடலாகாது; அவருடைய நேற்றைய மறுமொழியோடுதான் ஒப்பிட வேண்டும். வழக்கமாக உள்ளதில் இன்று எது குறைந்தது என்பதே குறிப்பு.

ஓர் உதாரணம் கொள்வோம். சங்கத்து உபாசகர் ஒருவர் மாதச் சந்தா பெறுவதற்குத் தமக்கு இளையவரான ஒரு தொழிலாளியின் வீட்டிற்குச் செல்கிறார். மற்ற நாட்களில் அவர், "வாங்கண்ணே, உட்காருங்க, வீட்டிலே எல்லோரும் சௌக்கியமா?" என்பார். இன்றோ சற்றுத் தாமதித்து, "வாங்க" என்று மட்டும் சொல்லுகிறார். 'அண்ணே' இல்லை; உட்காரச் சொல்லவில்லை; எதிர்க்கேள்வியும் இல்லை. ஏதோ ஒரு பாரம் இருக்கிறது என்று இதனால் அறியலாம். ஆனால் அது நோயா, துக்கமா, சினமா, சந்தா தர இயலாத கூச்சமா என்று இதனால் அறிய முடியாது. இந்த எல்லையை மறந்து, "என்மேல் கோபமா, தம்பி?" என்று கேட்பவர், இல்லாத கோபத்தை அவர் தலையில் சுமத்துகிறார்.

ஆகவே உபாசகர் சந்தாப் பேச்சை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, எளிதில் விடையளிக்கக் கூடிய ஒன்றை மட்டும் கேட்கிறார்: "ராத்திரி வேலையா, தம்பி?" இந்த இரண்டாவது விடைதான் முதற்குறிப்பைத் தெளிவாக்கும். "ஆமாண்ணே, தூக்கமே இல்லை" என்றால், 'அண்ணே' திரும்பிவிட்டது, களைப்பே காரணம். "வேலை எங்கே இருக்கு?" என்றால், துயரம் வாய் திறந்தது; இனிப் பேசவேண்டியவர் அவரே, கேட்கவேண்டியவர் இவர். மறுபடியும் "உம்" என்றே வந்தால், "பிறகு வருகிறேன்" என்று எழுந்துவிடுதல் நன்று. வாடிய முகத்தின் முன் ஆரவாரமாகச் சிரிப்பதும் பிழை; தாமும் அவர்போலவே வாடி விழுவதும் பிழை. முன்னது அவரைத் தனியே விட்டுவிடும். பின்னது அவருடைய சுமையை இரட்டிப்பாக்கும்.

இது நடிப்பன்றோ என்பார்க்கு விடை யாதெனில், மாறியது தொனியும் வேளையுமேயன்றிப் பொருளன்று. சந்தா பாக்கி உண்டு என்ற உண்மையை உபாசகர் மறைக்கவில்லை. அதைச் சொல்லும் வேளையைத் தள்ளி வைத்தார். அபயராஜகுமார சூத்திரத்தில் பகவன், உண்மையும் நன்மையும் உடைய சொல்லாயினும், அது இனியதோ இன்னாததோ, உரிய காலம் அறிந்தே ததாகதர் சொல்லுவார் என்று விளக்கினார். பொய்யான சொல் எவ்வளவு இனிதாயினும் அங்கு அதற்கு இடமில்லை. ஆகவே முகம் பார்த்து உண்மையை மாற்றுகிறவன் முகத்துதி செய்கிறான். முகம் பார்த்துக் குரலை மாற்றுகிறவன் நல்வாய்மையைக் காக்கிறான்.

வட்டிக்குக் கொடுப்பவனும் மறுமொழியின் தளர்ச்சியை நுட்பமாக அறிகிறான். அறிந்து வட்டியை ஏற்றுகிறான். திறமை ஒன்றே. அதனால் பயன் பெறுபவர் யார் என்பதே அதனை அறமாகவோ மறமாகவோ ஆக்குகிறது.

இன்னும் ஒன்று உளது. பண்ணையாரின் ஒரு கனைப்பிலிருந்து அவருடைய மனநிலையை அறிந்து நடுங்கப் பழகியவர் நம் முன்னோர். மேஸ்திரியின் குரலை நாமும் அங்ஙனமே கவனித்தோம். மேலிருப்பவனின் முகத்தைக் கீழிருப்பவன் படிக்கிறான். கீழிருப்பவனின் முகத்தை மேலிருப்பவன் படிப்பதில்லை. அச்சத்தால் கற்ற இவ்வித்தையை நம் வீடுகளில் யாருக்காகப் பயன்படுத்துகிறோம்? வேலை முடிந்து வரும் கணவனின் குரலை மனைவி கதவருகிலேயே அளந்துவிடுகிறாள். "வந்துட்டீங்களா?" என்று அவள் கேட்பதில் இன்று எது குறைந்தது என்று அவன் கவனித்தானா? சமத்துவம் பேசும் நாம், நமக்கு அஞ்ச வேண்டியவர் என்று எண்ணப்படும் மனைவி, மக்கள், இளையோர் ஆகியோரின் மறுமொழியைக் கேட்டு நம் குரலைத் தாழ்த்துவோமாயின், அந்த அறிவு அச்சத்தினின்று நீங்கி அன்பின்பாற்படும்.