எத்தனை முறை தட்டலாம்?

ஒரு நூலகத்தின் அறிவிப்புப் பக்கம் மாறியதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். நாளுக்கு 1440 முறை. பக்கமோ வாரத்தில் இரண்டு முறைதான் மாறும். பொதுப் பக்கம்தானே, யார் கேட்கப்போறாங்க என்று நினைப்பு. ஒருநாள் `429` வந்தது, கூடவே `Retry-After: 3600`. ஒரு மணி நேரம் கழித்து வா என்கிறது சர்வர்.

முதலில் கோபம்தான். பிறகு உறைத்தது: அவசரம் என்னுடையது, செலவு அவர்களுடையது.

இப்போது மணிக்கு ஒருமுறை, 17ஆவது நிமிடத்தில் கேட்கிறேன். மணி அடித்ததும் எல்லோருடைய ஸ்கிரிப்டும் ஒன்றாக வந்து முட்டும் என்பதால் அந்த 17. போன தடவை சர்வர் தந்த `ETag` மதிப்பை `If-None-Match`-இல் திருப்பி அனுப்புகிறேன். எதுவும் மாறாவிட்டால் வெறும் `304` வரும். முழுப் பக்கம் வராது.

செய்தி ஒரு மணி நேரம் பிந்தலாம். வாரம் இருமுறை மாறும் பக்கத்துக்கு அது ஒரு நஷ்டமா?