என்ன செஞ்சேன்னு சொல்லுங்க

போன வருஷம் ஒரு சிறு வெளியீட்டுக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சமி நிலத்தை இழந்த குடும்பங்களிடம் ஊர் ஊராய்ப் போய்த் திரட்டிய வாக்குமூலங்களின் தொகுப்பு அது. தகவல் தந்தவர்கள், மனு எழுதிக் கொடுத்த வக்கீல், அச்சகத்தார் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கடைசி வரியாக, ‘எப்போதும் துணைநின்ற என் மனைவிக்கு நன்றி’ என்று முடித்தேன். எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்:

“நான் எங்க நின்னேன்? வக்கீலுக்கு மனு எழுதுனதுக்கு நன்றி, அச்சாபீஸ்காரருக்குக் கடனுக்கு அடிச்சதுக்கு நன்றி. நான் என்ன செஞ்சேன்னு சொல்லுங்க.”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சமையல், தண்ணீர், துணி, பிள்ளை, அம்மாவுக்கு மருந்து மாத்திரை என்று அடுக்கினேன். “இது எல்லா வீட்டுலயும் எல்லாப் பொம்பளையும் செய்றது. கண்ண மூடிக்கிட்டு யாரும் சொல்லலாம்” என்றாள். அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை. முன்னுரை அப்படியே கிடந்தது.

அவள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். விடியும் முன்னே தெருமுனையில் ஜீப் நிற்கும். ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறி இடுக்கிப் பக்கம் போகும். ஏலச்செடியில் காய் தரையை ஒட்டிய சரத்தில்தான் பிடிக்கும். பகல் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் இறங்கி வருவாள். அந்த உழைப்புக்குக் கூலி உண்டு, குறைந்தால் கேட்பதற்குச் சங்கமும் உண்டு. நான் பேசுவது அந்த ஜீப் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் நடக்கிற வேலையைப் பற்றி.

முன்னுரை கிடப்பில் கிடந்தபோது போடியில் மாமியாருக்குக் கால் எலும்பு முறிந்தது. அவள் பத்து நாள் அங்கே போய்விட்டாள். வீடு என் கைக்கு வந்தது.

சமைத்துவிட்டேன். துவைத்துவிட்டேன். இதெல்லாம் ஆள் இருந்தால் நடந்துவிடும். நடக்காமல் போனவை வேறு. ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரியில் வருகிற தண்ணீரை இரண்டு தடவை தூங்கித் தொலைத்தேன். அம்மா ‘சாப்பிட்டுட்டேன்’ என்றதை நம்பி மாத்திரையைக் கொடுத்தேன். வெறும் வயிற்றில் விழுங்கி மயங்கி உட்கார்ந்துவிட்டார். “அவ நான் சாப்பிடுறதப் பாத்துட்டுத்தான்டா மாத்திரையக் கையில குடுப்பா” என்றார் பிறகு. மாத்திரை கொடுப்பது என்று நான் பட்டியலில் சொன்ன வேலைக்குள் இப்படி ஒரு வேலை இருந்தது எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் ராத்திரி, உத்தமபாளையத்தில் கூட்டம் முடிந்து எட்டுத் தோழர்கள் வந்தார்கள். மணி பத்தரை. எங்கள் வீட்டுக்கு இது புதிதல்ல. எத்தனை பேர் வந்தாலும் சோறு இருக்கும், அவ்வளவுதான் நான் அறிந்தது. அன்று அரிசி போதவில்லை. தேடிக்கொண்டிருந்த என்னிடம் அம்மா, “உலைச்சட்டிக்குப் பின்னால தகர டப்பா இருக்கும் பாரு” என்றார். டப்பா காலி.

“அவ இல்லேல்ல, அதான் காலி. உல வைக்கும்போது தெனம் ரெண்டு கைப்பிடி அதுல எடுத்துப் போட்டுருவா. ஒன் ஆளுக எப்ப வருவாகன்னு யாரு கண்டா?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கைப்பிடி ஏறக்குறைய நூறு கிராம். மாதத்துக்கு மூன்று கிலோ. எட்டுப் பேருக்கு ஒருவேளைச் சோற்றுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஆக, மாதம் இரண்டு மூன்று ராத்திரி இயக்கம் எங்கள் வீட்டில் சாப்பிட்டது அந்த டப்பாவிலிருந்துதான். ஏழு வருஷமாக. அந்த இரண்டு கைப்பிடி யாருடைய தட்டில் குறைந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தான். நன்கொடை தந்தவர்கள் பட்டியல் எங்கள் கணக்குநோட்டில் ஐந்து ரூபாய் வரை இருக்கிறது. இந்த அரிசி அதில் இல்லை.

இங்கே ‘நன்றி’ என்கிற சொல்லோடு நமக்கு உள்ள பகையையும் பேசியாக வேண்டும். நம் தாத்தன்மாருக்கு அது பண்ணையார் வாயிலிருந்து வந்த சொல். கூலி கூட்டிக் கேட்டவனை ‘நன்றிகெட்ட பய’ என்றார்கள். உழைத்தவன் நாம். நன்றிக்கடன் பட்டவனும் நாமே என்று கணக்கு எழுதப்பட்டது. அதனால்தான் நம்மில் பலருக்கு அந்தச் சொல் கசக்கிறது. வீட்டுக்குள் அது புழங்குவதும் இல்லை. நம் தெருவில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் நன்றி என்று சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் தமிழ் படித்தபோது பார்த்த ஒன்று இப்போதுதான் உறைத்தது. குறளின் பதினோராவது அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். பழந்தமிழில் நன்றி என்பது வாயால் சொல்லும் சொல் அல்ல, ஒருவர் செய்த நன்மை. அதைச் ‘சொல்லுதல்’ என்று அதிகாரத்துக்குப் பெயர் வைக்கவில்லை, ‘அறிதல்’ என்று வைத்திருக்கிறார்கள். என்ன செய்யப்பட்டது என்று அறியாதவனால் நன்றி சொல்ல முடியாது. என் மனைவி கேட்டதும் அதைத்தான். அவள் பாராட்டைக் கேட்கவில்லை. எனக்கு என்ன தெரியும் என்று கேட்டாள்.

நம் தலைவர் வாழ்விலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1928இல் தம் ‘பகிஷ்கிருத பாரத்’ இதழில், அந்தப் பத்திரிகையை வாசகர்கள் தாங்க வேண்டும் என்று கேட்டு அம்பேத்கர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ரமாபாய் பற்றி வருகிறது. தாம் வெளிநாட்டில் இருந்தபோது இரவும் பகலும் குடும்பக் கவலையைச் சுமந்தது, தாம் திரும்பி வந்த பிறகும் வறுமையில் வறட்டிச் சுமையைத் தலையில் தூக்கத் தயங்காதது ஆகியவற்றைச் சொல்கிறார். அப்படிப்பட்டவரோடு இருபத்துநாலு மணி நேரத்தில் அரைமணிகூடத் தம்மால் செலவிட முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். பத்திரிகைக்காக யார் எதை இழந்தார் என்கிற கணக்கில் ரமாபாயின் தலைச்சுமையும் ஏறியது. அப்போது அவர் உயிரோடு இருந்தார்.

ரமாபாய் 1935இல் இறந்துபோனார். ஐந்து வருஷம் கழித்துப் பாகிஸ்தான் பற்றிய நூலை அவர் நினைவுக்குப் படைத்தபோது, அவருடைய நல்ல உள்ளம், தூய குணம், துன்பநாளில் கூட நின்ற மன உறுதி ஆகியவற்றை அம்பேத்கர் குறிப்பிடுகிறார். படித்தால் கண் கலங்கும். ஆனாலும் 1928இன் வரிகளே எனக்குப் பெரியவை. காரணம் இது: குணத்தைப் போற்றலாம், பங்குபோட முடியாது. வறட்டிச் சுமையைப் பங்குபோடலாம். ‘பொறுமைசாலி’ என்று ஒருத்தியைச் சொன்னால், இன்னும் பொறுத்துக்கொள் என்பதுதான் மிச்சம். ‘இதைத் தூக்கினாய்’ என்று சொன்னால், ஏன் அவள் மட்டும் தூக்கினாள் என்கிற கேள்வி உடனே எழும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில், அணையப்போன தம் உயிரை மீட்டது மனைவி சவிதாவும் டாக்டர் மால்வங்கரும் செய்த மருத்துவம் என்று வேலையைச் சொல்லி எழுதினார். சவிதா மருத்துவர். அம்பேத்கர் இறந்தபின் 1957இல் நூல் வந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. பல வருஷம் கழித்தே அச்சேறியது. எழுதினவரே சொன்ன நன்றியும் இப்படி விடுபட்டுப்போக முடிகிறது. நம் முன்னுரைகளிலும் ஆண்டறிக்கைகளிலும் எது முதலில் வெட்டப்படுகிறது என்று தோழர்கள் யோசிக்க வேண்டும்.

‘நன்றியெல்லாம் எதற்கு, வேலையைப் பங்குபோட்டுக்கொண்டால் போதாதா?’ என்று ஒரு தோழர் கேட்டார். சரியான கேள்வி. 2024இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88 நிமிடம் என்கிறது. இருநூறு நிமிட வித்தியாசத்தை எந்த நன்றியாலும் அடைக்க முடியாது. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, வீட்டுவேலையும் உழைப்புதான் என்று அரசை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறது. அதுவும் வேலையைக் குறைக்கவில்லை.

ஆனால் தோழரிடம் நான் சொன்னது: எதைப் பங்குபோடுவது? பத்து நாளில் சமையலில் எனக்குப் பங்கு கிடைத்தது. டப்பாவில் கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அம்மா சாப்பிடுவதைப் பார்த்திருந்து மாத்திரை கொடுப்பதை எந்த நிமிடக் கணக்கில் எழுதுவது? ‘நானும் வீட்டில் ஒத்தாசை பண்றேன்’ என்று நாம் பெருமையாகச் சொல்வதில், வேலை அவளுடையது என்கிற தீர்ப்பு இருக்கிறது. நினைவில் வைத்திருக்கிற பாரம் முழுதும் அவளிடமே இருக்க, ஏவியதைச் செய்து கொடுக்கிற கை மட்டும் நாமாக இருக்கிறோம். அறிந்து சொல்லும் நன்றி பங்கீட்டுக்கு மாற்று அல்ல. எதைப் பங்குபோட வேண்டும் என்பதற்கு அதுதான் முதல் பட்டியல்.

அவள் வந்தபிறகு கடைசி வரியை அடித்துவிட்டு, டப்பாவைப் பற்றி எழுதினேன். இரண்டு கைப்பிடி, ஏழு வருஷம், கடைசித் தட்டு. வாசித்துக் காட்டும்போது எனக்குப் பயம்தான். வீட்டு இல்லாமையை ஊருக்குச் சொல்கிறேன் என்று சங்கடப்படுவாளோ என்று, வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “போடுங்க. யாரு யாரு தின்னாகன்னு அவுகளுக்கும் தெரியட்டும். ஆனா கடைசித் தட்டுன்னு எழுதிட்டு நாளைக்கும் என்னையக் கடைசியா உக்கார வச்சா, அடுத்த பொஸ்தகத்துல அதையும் எழுதணும்.”

வெளியீடு வந்துவிட்டது. படித்த தோழர்கள் இப்போது ராத்திரி வரும்போது வழியிலேயே அரிசி வாங்கிவருகிறார்கள். டப்பாவை நிரப்புவது எங்கள் அமைப்பின் செலவுக் கணக்கில் ஏறியிருக்கிறது. ராத்திரித் தண்ணீர் என் பொறுப்பு. போன வாரமும் ஒருநாள் தூங்கிவிட்டேன். கடைசித் தட்டு இன்னும் முழுசாக மாறவில்லை. அவள் சொன்னபடி அதையும் எழுதிவிட்டேன்.